சலவைக் கடையில் மூன்று விலை வைப்பது எப்படி? புதுச்சேரி, கடலூர் கடைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிலோ கணக்கில் துணி வாங்கித் துவைத்துத் தரும் சிறு கடை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டு மெஷின், ஒரு டிரையர், இஸ்திரி போட ஓர் ஆள், முன்பக்கம் தராசு. லாஸ்பேட்டையானாலும் மஞ்சக்குப்பமானாலும் கடையின் அமைப்பு ஏறக்குறைய இதுதான். இதுவரை ஒரே விலை. இப்போது குறைந்த விலை, நடு விலை, உயர்ந்த விலை என்று மூன்று படி வைக்கலாமா என்று யோசிக்கிறீர்கள். வைக்கலாம். ஆனால் பலகை எழுதுபவரிடம் போவதற்கு முன் போட வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. அதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. விலைப்பட்டியல் தயாரித்துத் தருவதாக வந்த ஆலோசகர் ஒருவர் கொடுத்த தாளில் படிகளுக்கான பெயர், நிறம், தள்ளுபடி எல்லாம் இருந்தன. இஸ்திரி போடுபவரின் கூலி மட்டும் எங்கேயும் இல்லை. மூன்று விலையும் நிற்பதும் விழுவதும் அந்தக் கூலியில்தான்.

கீழே வரும் ரூபாய்க் கணக்குகள் எல்லாம் எடுத்துக்காட்டுக்கு. உங்கள் கடை எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

1. முதலில் காகிதங்களைச் சேருங்கள்

கடந்த மூன்று மாத பில் புத்தகம், மின்கட்டண ரசீதுகள், சோப்புத்தூள், துணி மென்மையாக்கி, கறை மருந்து வாங்கிய ரசீதுகள், சம்பளக் கணக்கு, வண்டிக்குப் போட்ட பெட்ரோல். இவை போதும். வாடகையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். எந்தப் படியில் எத்தனை கிலோ வந்தாலும் அது மாறப்போவதில்லை. மின்செலவை உங்கள் ரசீதிலிருந்தே எடுங்கள். புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் மின்கட்டண விகிதம் வேறு வேறு என்பதால் கடலூர் நண்பரின் கணக்கு வில்லியனூர்க் கடைக்கு உதவாது.

இந்தக் காகிதங்களில் இல்லாத ஓர் எண்ணை நீங்களே எடுக்க வேண்டும். ஒரு கிலோவில் எத்தனை துணி இருக்கிறது? இரண்டு வாரம், வரும் ஒவ்வொரு மூட்டையையும் எடைபோட்ட பிறகு உருப்படிகளை எண்ணி பில்லில் எழுதுங்கள். ஆண்கள் சட்டை ஒன்று 200 முதல் 250 கிராம் இருக்கும்; ஜீன்ஸ் 600 கிராமைத் தாண்டும். அதாவது ஒரு கிலோ சட்டை என்றால் நான்கைந்து உருப்படி, ஒரு கிலோ ஜீன்ஸ் என்றால் ஒன்றரை. வாடிக்கையாளர் கிலோவுக்குப் பணம் தருகிறார். இஸ்திரி போடுபவரின் உழைப்போ உருப்படிக்குப் போகிறது. அலுவலகக் குடும்பங்கள் அதிகம் வரும் கடையில் கிலோவுக்கு ஐந்து உருப்படி வரும். விடுதி மாணவர்கள் வரும் கடையில் ஜீன்ஸும் போர்வையும் சேர்ந்து மூன்றுக்கு இறங்கும். இரண்டு கடைக்கும் ஒரே விலைப்பட்டியல் பொருந்தாது. நம் எடுத்துக்காட்டுக்குக் கிலோவுக்கு நான்கு என்று வைத்துக்கொள்வோம்.

2. ஒரு கிலோவின் அடக்கம்

ஒரு கிலோ துணியைத் துவைத்து, டிரையரில் காயவைத்து, மடித்துக் கொடுக்கும் செலவை முதலில் பாருங்கள். சோப்பும் மென்மையாக்கியும் 6 ரூபாய், மின்சாரம் 7, மடிக்கும் கூலி 7, உறை 2. ஆக 22 ரூபாய்.

இஸ்திரி சேர்ந்தால், உருப்படிக்கு ஐந்தரை ரூபாய் கூலி வீதம் நான்கு உருப்படிக்கு 22, இஸ்திரிப் பெட்டியின் மின்சாரம் 4. மொத்தம் 48 ரூபாய். பாதிக்கும் மேல் இஸ்திரிக்கே போய்விடுகிறது பாருங்கள். இந்தக் கடை இதுவரை துவைத்து இஸ்திரி போட்டுக் கிலோ 85 ரூபாய்க்குத் தந்துகொண்டிருந்தது என்று கொள்வோம். வாடகைக்கு முன் கிலோவுக்கு மிஞ்சுவது 37 ரூபாய். மாதம் 1,000 கிலோ என்றால் 37,000. இதைத் தனியாக எழுதி வையுங்கள். இனி வரும் எல்லாக் கணக்கையும் இதோடுதான் ஒப்பிடப் போகிறோம்.

3. எந்தப் படியில் எதை வைப்பது

கீழ்ப்படியில் அழுக்கு போகாமல் இருக்கக் கூடாது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடற்கரை ஓரத்தில் பல இடங்களில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பும் கடினத்தன்மையும் சேர்ந்து வரும். சோப்பு நுரைக்காது, வெள்ளைத் துணி நாளடைவில் மங்கும். நல்ல தண்ணீரில் துவைப்பதை மேல்படிக்கு மட்டும் வைத்தால் கீழ்ப்படிக்காரர் மேலே ஏற மாட்டார், கடையை விட்டே போய்விடுவார். சுத்தம் மூன்று படிக்கும் பொது. வித்தியாசம் மூன்று இடத்தில் வரலாம்: இஸ்திரி, நேரம், மற்றவர் துணியோடு கலக்கிறோமா இல்லையா என்பது.

அதன்படி நம் கடையின் மூன்று படிகள்:

மடிப்பு: துவைத்து, காயவைத்து, மடித்துத் தருவது. மூன்று நாள். கிலோ 60 ரூபாய்.

இஸ்திரி: அதோடு இஸ்திரியும். இரண்டு நாள். கிலோ 95 ரூபாய்.

தனிச் சலவை: ஒரு வீட்டுத் துணி மட்டும் ஒரு மெஷினில், கறைக்குத் தனிக் கவனிப்பு, இஸ்திரி, ஹேங்கர், மறுநாள் வீட்டில் சேர்ப்பது. கிலோ 140 ரூபாய்.

படிகளுக்குத் தங்கம், வைரம் என்று பெயர் வைக்கும் ஆசை வரும். வேண்டாம். செய்யும் வேலையையே பெயராக வைத்தால் தராசு முன்னால் நிற்பவருக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

பட்டுச் சேலை, சரிகை வேட்டி, கோட்டு ஆகியவற்றை இந்த மூன்றுக்குள்ளும் கொண்டுவராதீர்கள். அவை உருப்படி விலையிலேயே இருக்கட்டும். கஞ்சி போடும் பருத்திச் சேலையும் அப்படித்தான். கிலோ கணக்கில் எடுத்தால் ஒரு சேலைக்கு ஆகும் நேரத்தில் ஆறு சட்டை போயிருக்கும்.

4. மேல்படியை மெஷின் கணக்கில் சோதியுங்கள்

பலரும் சறுக்கும் இடம் இதுதான். 140 ரூபாய் என்றதும் அதில்தான் லாபம் என்று மனம் சொல்லும். எண்கள் அப்படிச் சொல்லவில்லை.

தனிச் சலவையின் அடக்கத்தைப் போடுங்கள். இஸ்திரிப் படியின் 48 ரூபாய் அப்படியே வரும். எல்லா உருப்படிக்கும் ஹேங்கரும் உறையும் என்றால் உருப்படிக்கு 5 வீதம் 20. கறை மருந்து 4. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க 10. இன்னும் ஒன்று இருக்கிறது. எட்டுக் கிலோ போடக்கூடிய மெஷினில் ஒரு வீட்டுத் துணி ஐந்து கிலோதான் போகும். சோப்பும் மின்சாரமும் ஏறக்குறைய முழுச் சுற்றுக்கு ஆவதே ஆகும்: எட்டுக் கிலோவுக்கு 104 ரூபாய். அதை ஐந்தால் வகுத்தால் கிலோவுக்கு 8 ரூபாய் கூடுகிறது. மொத்தம் 90. மிஞ்சுவது 50 ரூபாய்.

கிலோவுக்கு 50 என்பது இஸ்திரிப் படியின் 47ஐ விட மூன்று ரூபாய்தான் அதிகம். மெஷின் ஒரு சுற்று ஓடினால் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். மடிப்பு எட்டுக் கிலோ, கிலோவுக்கு 38 வீதம் 304 ரூபாய். இஸ்திரி எட்டுக் கிலோ, 376 ரூபாய். தனிச் சலவை ஐந்து கிலோ, 250 ரூபாய். மெஷின் ஓய்வாக நிற்கும் செவ்வாய்க்கிழமையில் இது பெரிய சேதமில்லை. மெஷினுக்குத் துணி வரிசையில் காத்திருக்கும் நாளில் தனிச் சலவைக்கு ஒரு சுற்று ஒதுக்கும்போதெல்லாம் சாதாரண மடிப்பைவிடக் குறைவாகச் சம்பாதிக்கிறீர்கள்; வாடிக்கையாளரை மேலே ஏற்றிக் கடையைக் கீழே இறக்குகிறீர்கள்.

இதற்கு விலையை ஏற்றுவது கடைசி வழி. முதலில் உள்ளே இருப்பதைத் திருத்துங்கள். ஹேங்கர் சட்டைக்கும் குர்தாவுக்கும் போதும், உள்ளாடைக்கும் துண்டுக்கும் யாரும் கேட்கவில்லை. அடுத்த முறை பழைய ஹேங்கரைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். 20 ரூபாய் 8 ஆகும். வீட்டுக்குச் சேர்ப்பதை நினைத்த நேரத்தில் செய்யாமல், மாலையில் ஒரு பகுதி, அதாவது ஒரு நாள் முத்தியால்பேட்டைப் பக்கம், மறுநாள் ரெட்டியார்பாளையம் பக்கம் என்று வைத்தால் 10 ரூபாய் 6 ஆகும். மறுநாள் என்ற வாக்கு போய்விடாமல் இருக்க, எந்தப் பகுதியிலிருந்து எந்த நாள் துணி எடுப்பது என்பதையும் அதற்கேற்ப வரையறுத்துவிடுங்கள். குறைந்தபட்சம் ஆறு கிலோ என்று வையுங்கள். அதற்குக் குறைவாகக் கொடுத்தாலும் ஆறு கிலோவுக்கே பில். அப்போது பாதி மெஷின் ஓட்டும் கூடுதல் செலவு 8லிருந்து 5க்கும் கீழே வருகிறது; 5 என்றே வைத்துக்கொள்வோம். கறை மருந்து 4 அப்படியே. புதிய அடக்கம் 71. மிஞ்சுவது 69. ஒரு சுற்றுக்கு 414 ரூபாய். இப்போதுதான் மேல்படி மேல்படியாக நிற்கிறது.

5. இஸ்திரி போடுபவருக்குக் கூலியா, சம்பளமா?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் மூன்று விலைக்குப் போகாதீர்கள்.

உருப்படிக் கூலி என்றால், ஒரு வாடிக்கையாளர் இஸ்திரி வேண்டாம், மடிப்பு போதும் என்று இறங்கும்போது 22 ரூபாய் கூலி உங்கள் கையிலேயே இருக்கிறது. பழைய 85 ரூபாய்க்கு 37 மிஞ்சியது. மடிப்பில் 38 மிஞ்சுகிறது. அவர் இறங்கினாலும் உங்களுக்கு நட்டமில்லை. 60 ரூபாய் என்ற விலையை வானத்திலிருந்து எடுக்கவில்லை. பழைய விலையில் மிஞ்சியதற்குக் குறையாமல் கீழ்ப்படியில் மிஞ்ச வேண்டும் என்று பின்னோக்கிப் போட்ட கணக்கு அது. 50 ரூபாய் என்று எதிர்க்கடையைப் பார்த்து எழுதியிருந்தால், இறங்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்பது ரூபாய் போயிருக்கும்.

மாதச் சம்பளம் என்றால் கதையே வேறு. துணி இஸ்திரிக்கு வந்தாலும் வராவிட்டாலும் 22,000 ரூபாய் கொடுத்தாக வேண்டும். சம்பளத்தைத் தனியே வைத்துப் பாருங்கள். பழைய விலையில் கிலோவுக்கு 59 மிஞ்சியது. மடிப்பில் 38. இஸ்திரியில் 69. தனிச் சலவையில் 91. ஒரு கிலோ கீழே இறங்கினால் 21 ரூபாய் போகிறது. பழைய விலையில் இருந்தவர் நடுப்படிக்கு வந்தால் 10 ரூபாய்தான் கூடுகிறது. அதாவது ஒருவர் இறங்கினால் அதை ஈடுகட்ட நடுப்படியில் இருவருக்கு மேல் வேண்டும்.

இரண்டையும் ஒரே மாதத்தில் பொருத்திப் பார்ப்போம். 1,000 கிலோவில் 300 மடிப்பு, 500 இஸ்திரி, 200 தனிச் சலவை என்று பிரிந்தால், உருப்படிக் கூலிக் கடைக்கு 48,700 மிஞ்சும். சம்பளக் கடைக்கு சம்பளம் போக 42,100. இரண்டும் பழைய 37,000ஐ விட மேல். ஆனால் 600 மடிப்பு, 350 இஸ்திரி, 50 தனிச் சலவை என்று கீழே சரிந்தால்? உருப்படிக் கூலிக் கடைக்கு அப்போதும் 42,700 மிஞ்சுகிறது. சம்பளக் கடைக்கு 29,500. அதே பலகை, அதே வாடிக்கையாளர்கள், மாதம் 13,200 ரூபாய் வித்தியாசம்.

சம்பளக் கடைக்காரர் என்ன செய்வது? ஆளை நிறுத்துவது ஒரு வழி என்று யாராவது சொல்வார்கள். நல்ல இஸ்திரிக்காரரை இழந்தால் மறுபடி கிடைக்க மாட்டார், அந்த யோசனையை விட்டுவிடுங்கள். அவரிடம் மிஞ்சும் நேரத்தை இஸ்திரி மட்டும் கேட்டு வரும் துணிக்குத் திருப்பலாம். வீட்டிலேயே துவைத்து, இஸ்திரிக்கு மட்டும் கொண்டுவருபவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். அது நடக்காது என்றால் மடிப்பு விலையை 60க்குப் பதில் 70ல் தொடங்குங்கள். இறங்குவதால் போகும் 21 ரூபாய் 11 ஆகக் குறையும்.

6. பலகையும் மூட்டை விலையும்

கிலோ விலை மூன்றையும் எழுதிவிட்டு, அதன் கீழே ஆறு கிலோ மூட்டைக்கு எவ்வளவு என்பதையும் எழுதுங்கள்: 360, 570, 840. வாடிக்கையாளர் கடையில் கொடுக்கப்போவது இந்தத் தொகையைத்தான். கிலோவுக்கு 45 ரூபாய் கூடுதல் என்றால் தலையாட்டிவிட்டு, பில்லில் 840 என்று பார்த்ததும் முகம் மாறினால் அவர் அடுத்த முறை மேல்படி பக்கம் வரமாட்டார்.

மூன்றையும் ஒரே வரிசையில், நடுவில் இஸ்திரி வருமாறு எழுதுங்கள். இரண்டு ஓரங்களுக்கு நடுவில் இருப்பதை எடுப்பது மனிதர்களின் இயல்பு. தனிச் சலவையை யாருமே எடுக்காத வாரத்தில்கூட, 140 என்று ஒன்று மேலே இருப்பதால் 95 அதிகமாகத் தெரியாது. ஆனால் இதை நம்பி மேல்படியை வெறும் பொம்மையாக வைக்காதீர்கள். ஒருநாள் ஒருவர் கேட்பார். செய்து கொடுக்க முடிய வேண்டும்.

நான்காவது படி வேண்டாம். கறை மட்டும் 20 ரூபாய், ஹேங்கர் மட்டும் 5 ரூபாய் என்று தனித்தனியாக விற்கவும் வேண்டாம். மேல்படியில் இருப்பவை எல்லாம் சில்லறையில் கிடைத்தால் மேல்படியை எதற்கு எடுப்பார்கள்?

7. வாடிக்கையாளர் எப்படி ஏறுகிறார்

வசதியுள்ளவர் மேல்படி, வசதி குறைந்தவர் கீழ்ப்படி என்று நினைத்தால் கடையில் நடப்பது புரியாது. ஒரே வீட்டிலிருந்து படுக்கை விரிப்பு மடிப்புக்கு வரும், அலுவலகச் சட்டை இஸ்திரிக்கு வரும், கைக்குழந்தையின் துணி தனிச் சலவைக்கு வரும். துணிதான் ஏறுகிறது. ஆகவே மூட்டையைப் பிரித்துத் தர அனுமதியுங்கள்; ஆனால் ஒவ்வொரு படிக்கும் மூன்று கிலோ குறைந்தபட்சம் வையுங்கள், தனிச் சலவைக்கு மட்டும் அதே ஆறு. இல்லாவிட்டால் இரண்டு சட்டை இதில், ஒரு துண்டு அதில் என்று பிரித்து அடையாளம் கட்டுவதற்கே ஓர் ஆள் தேவைப்படும்.

ஏறுவதற்கு மிகப் பெரிய காரணம் நேரம். ஞாயிறு மாலை ஊர் திரும்பப்போகும் சுற்றுலாப் பயணிக்குச் சனிக்கிழமை காலையில் இஸ்திரியின் தரம் பெரிய விஷயமில்லை, மறுநாள் கிடைக்குமா என்பதுதான் விஷயம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாடியில் எதுவும் காயாத வாரத்தில், வழக்கமாக மடிப்பு எடுப்பவரும் சீக்கிரம் தர முடியுமா என்று கேட்பார். அதனால் முன்பக்கத்தில் இருப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி எந்தப் படி என்பதல்ல.

"எப்போது வேண்டும் அக்கா?"

"வெள்ளிக்கிழமை கல்யாணத்துக்குப் போகணும், அதுக்குள்ள வேண்டும்."

"இன்று புதன். இஸ்திரியில் போட்டால் வெள்ளி காலை கிடைக்கும். போர்வையை மட்டும் மடிப்பில் போடட்டுமா? அது சனிக்கிழமை வந்தால் போதுமே."

இந்த உரையாடலில் எதையும் தலையில் கட்டவில்லை. போர்வையைக் கீழே இறக்கியதால் சட்டைக்குக் கூடுதலாகக் கொடுக்க அவருக்குத் தயக்கமும் இல்லை.

இதெல்லாம் நடக்க வேண்டுமென்றால் மடிப்புக்கு மூன்று நாள் என்றால் உண்மையாகவே மூன்று நாள் ஆக வேண்டும். மெஷின் சும்மா இருந்தது, நேற்றே முடித்துவிட்டோம், வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று இரண்டு முறை சொன்னால் போதும். அதன்பின் அந்த வாடிக்கையாளர் 95 ரூபாய்க்கு ஏற ஒரே காரணமாக இஸ்திரி மட்டும் மிஞ்சும். முடித்த துணியை அலமாரியில் வைத்துக் காக்கச் சொல்லவில்லை. மடிப்புத் துணியை மெஷின் ஓய்வாக இருக்கும் நேரத்துக்குத் தள்ளுங்கள். மூன்று நாள் வாங்கிக்கொண்டதே, சனி, ஞாயிறு நெரிசலில் வந்ததைச் செவ்வாய்க்கிழமை ஓட்டத்தான்.

கீழ்ப்படிக்காரருக்கு மேல்படியைக் காட்ட ஒரு மலிவான வழி இருக்கிறது. தொடர்ந்து மடிப்பே எடுப்பவரின் மூட்டையில் ஒரே ஒரு சட்டையை இஸ்திரி போட்டு மேலாக வைத்து, இது இஸ்திரிப் படி மாதிரி என்று ஒரு சீட்டு செருகுங்கள். செலவு ஆறேழு ரூபாய். ஒருவருக்கு ஒரு முறைதான். இரண்டாம் முறை செய்தால் அது உரிமையாகிவிடும்.

8. தராசு முத்திரை, ஜி.எஸ்.டி., பில்

கிலோ கணக்கில் பணம் வாங்குவதால் உங்கள் மின்னணுத் தராசு எடையளவுச் சட்டத்தின்கீழ் வருகிறது. ஆண்டுதோறும் சரிபார்த்து முத்திரை பெற வேண்டும். சான்றிதழைத் தராசு அருகிலேயே மாட்டுங்கள். மூன்று விலை வந்த பிறகு எடைத் தகராறு கூடும், ஏனென்றால் 200 கிராம் வித்தியாசம் மேல்படியில் 28 ரூபாய்.

சேவைத் தொழிலுக்கு ஜி.எஸ்.டி. பதிவு வரம்பு ஆண்டுக்கு 20 லட்ச ரூபாய் வரவு. புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் அதேதான். நம் எடுத்துக்காட்டுக் கடை நல்ல மாதத்தில் 93,500 ரூபாய் பில் போடுகிறது. ஆண்டுக்குப் பதினொரு லட்சம் சொச்சம், வரம்புக்குள்தான். ஆனால் ஒரு விருந்தினர் விடுதியின் ஒப்பந்தம் சேர்ந்தால் வரம்பு கைக்கெட்டும் தூரம். சலவைக்கு 18 சதவீதம். வீட்டுத் துணி தரும் வாடிக்கையாளர் அந்த வரியை எங்கேயும் கழித்துக்கொள்ள முடியாது. 140 என்று பலகையில் எழுதிவிட்டு 165 வாங்க முடியுமா என்று யோசியுங்கள். வரியை உள்ளடக்கி 140 என்றே வைத்தால் உங்கள் கைக்கு வருவது 118 ரூபாய் 64 காசு. மேல்படியில் மிஞ்சிய 69 ரூபாய் 48க்கு அருகில் இறங்கிவிடும். வரம்பை நெருங்கும் ஆண்டின் தொடக்கத்திலேயே கணக்காளரிடம் பேசி, விலையைத் திருத்திய பிறகு பலகையை எழுதுங்கள். விடுதி ஒப்பந்தத்தை இந்த மூன்று படிக்குள் கொண்டுவராமல் தனி விலையில் வையுங்கள். அவர்கள் தருவது விரிப்பும் துண்டும். உங்கள் உருப்படிக் கணக்கே அதில் மாறிவிடும்.

பில்லில் கட்டாயம் இருக்க வேண்டியவை: படி, எடை, உருப்படி எண்ணிக்கை, தரும் நாள், துணி கெட்டால் அல்லது தொலைந்தால் அதிகபட்சம் எவ்வளவு ஈடு என்பது. கறை முழுவதும் போகும் என்று எந்தப் படிக்கும் எழுதாதீர்கள். கவனிப்போம் என்று மட்டும் எழுதுங்கள். பழைய மஞ்சள் கறைக்கு எந்த மருந்தும் உத்தரவாதமில்லை.

9. எப்போது தொடங்குவது, எதைப் பார்ப்பது

அக்டோபர் முதல் டிசம்பர் வரை தொடங்காதீர்கள். மழையில் எல்லோரும் அவசரப்படுவதால் மேல்படிகள் நிறையும். அதைப் பார்த்து ஆள் சேர்ப்பீர்கள். பொங்கல் முடிந்ததும் வாடிக்கையாளர்கள் கீழ்ப்படிக்கு இறங்கிவிடுவார்கள். மாணவர்களை நம்பிய கடை என்றால் கோடை விடுமுறையும் கூடாது. தை மாதக் கடைசி நல்ல நேரம். பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒரு மாதம் முன்பே தேதியைச் சொல்லுங்கள். அதுவரை 85 ரூபாயே.

தொடங்கிய பிறகு ஒவ்வொரு பில்லிலும் பழையவரா, புதியவரா என்று ஒரு குறி போடுங்கள். இந்த ஒரு குறி இல்லாமல் மடிப்புப் படியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. சம்பளக் கடையில் பழையவர் மடிப்புக்கு இறங்கினால் கிலோவுக்கு 21 ரூபாய் நட்டம். இதுவரை வீட்டிலேயே துவைத்துக்கொண்டிருந்த புதியவர் மடிப்புக்கு வந்தால் 38 ரூபாய் வரவு. பலகையில் ஒரே வரி, கணக்கில் எதிரெதிர். புதியவரின் ஒரு கிலோ, இறங்கியவர்களின் கிட்டத்தட்ட இரண்டு கிலோவைத் தாங்கும்.

மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். பழையவர்களில் பாதிக்கு மேல் மடிப்பில் இருந்தால், அந்தப் படியில் தேவைக்கு மேல் கொடுக்கிறீர்கள். பெரும்பாலும் அது நேரமாகத்தான் இருக்கும், சொன்ன நாளுக்கு முன்பே தருகிறீர்களா என்று பில்லைப் புரட்டுங்கள். மடிப்பில் புதியவர்களே அதிகம் என்றால் எதையும் தொடாதீர்கள். இஸ்திரி நிறைந்து, தனிச் சலவை காலியாக இருந்தால் முதலில் ஆறு கிலோ வரம்பைப் பாருங்கள், விலையைப் பிறகு பாருங்கள். வீட்டில் வாரத்துக்கு நான்கு கிலோதான் சேரும் சிறு குடும்பங்களுக்கு அந்த வரம்புதான் தடையாக இருக்கும். ஐந்தாகக் குறைக்கலாம். அப்போதும் ஒரு சுற்றுக்கு 330 ரூபாய் வரை மிஞ்சும்: மடிப்பைவிட மேல், இஸ்திரியைவிடக் கீழ். ஆகவே அந்தச் சலுகையைத் திங்கள் முதல் வியாழன் வரை மட்டும் கொடுங்கள்.